ஹெய்கின் ஆஷி கேண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்ரெண்டோடு போகிறவர்களுக்கு ஹெய்கின் ஆஷி நல்ல துணை. ஆனால் அந்தச் சார்ட்டில் தெரியும் விலை சந்தையில் நடந்த விலை இல்லை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பணத்தை விட்டவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கடைசியில் இந்த ஓர் இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது சாதாரண கேண்டிலிலிருந்து எப்படி வேறுபடுகிறது? ஃபார்முலா எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

தெரிந்திருக்க வேண்டும். நான்கே வரிதான், இதைப் படிக்காமல் மீதி எதுவும் பிடிபடாது.

```
HA Close = (Open + High + Low + Close) / 4
HA Open  = (முந்தைய HA Open + முந்தைய HA Close) / 2
HA High  = High, HA Open, HA Close மூன்றில் பெரியது
HA Low   = Low, HA Open, HA Close மூன்றில் சிறியது
```

ஜப்பானிய மொழியில் ஹெய்கின் என்றால் சராசரி. ஆஷி என்றால் கால், சார்ட்டில் ஒரு கேண்டிலையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆக, சராசரிக் கேண்டில். க்ளோஸ் என்று அது காட்டுவது அன்றைய நான்கு விலைகளின் சராசரி. ஓப்பன் என்று காட்டுவதற்கும் இன்றைய சந்தைக்கும் சம்பந்தமே கிடையாது, அது நேற்றைய கேண்டில் உடம்பின் நடுப்புள்ளி. சந்தை காலையில் எங்கே திறந்தாலும் சரி, ஹெய்கின் ஆஷி கேண்டில் நேற்றைய உடம்பின் பாதியில் இருந்துதான் கிளம்பும்.

ட்ரெண்ட் மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாகத் தெரிகிறது? நடுவில் வரும் சிவப்பு எல்லாம் எங்கே போகிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்றைய ஹெய்கின் ஆஷி கேண்டில் 100-ல் தொடங்கி 104-ல் முடிந்தது என்று வையுங்கள். இன்று பங்கு 106-ல் திறந்து, 107 வரை போய், 103 வரை இறங்கி, 104-ல் முடிகிறது. சாதாரண சார்ட்டில் இது இரண்டு ரூபாய்ச் சிவப்புக் கேண்டில், கையில் வைத்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும், வித்துவிடலாமா என்று தோன்றும்.

ஹெய்கின் ஆஷியில் இன்றைய ஓப்பன் 102, ஏனென்றால் 100-க்கும் 104-க்கும் நடு அதுதான். க்ளோஸ் 106, 107, 103, 104 நான்கின் சராசரி, அதாவது 105. பச்சை! லோவும் 102-தான், ஏனென்றால் உண்மையான லோவான 103-ஐ விட அது கீழே இருக்கிறது. ஆக, கீழே வால் இல்லாத பச்சைக் கேண்டில். "ட்ரெண்ட் வலுவாக இருக்கிறது" என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் அதே கேண்டில். இறக்கம் எங்கும் போய்விடவில்லை, நேற்றைய ஏற்றத்தோடு கலந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இது தெரிந்த பிறகு எனக்கு இந்தக் கேண்டில் மேல் இருந்த மயக்கம் போய் ஒரு தெளிவு வந்தது. ஓப்பன் ஒவ்வொரு முறையும் பழைய ஓப்பனில் பாதியையும் பழைய க்ளோஸில் பாதியையும் எடுத்துக்கொள்கிறது இல்லையா, அதை விரித்து எழுதினால் நேற்றைய சராசரி விலைக்குப் பாதி எடை, முந்தின நாளுக்குக் கால், அதற்கு முந்தின நாளுக்கு அரைக்கால் என்று போகும். இது 3 கேண்டில் ஈஎம்ஏ, அதாவது சமீபத்திய விலைக்கு அதிக எடை தரும் மூவிங் ஆவரேஜ்தான், வேறொன்றும் இல்லை. இன்றைய நான்கு விலைச் சராசரி, நேற்றுவரையிலான 3 ஈஎம்ஏ-வை விட மேலே இருந்தால் பச்சை, கீழே இருந்தால் சிவப்பு. நிறம் மாறுவது என்றால் மிக வேகமான ஒரு மூவிங் ஆவரேஜை விலை வெட்டுகிறது என்று அர்த்தம். மூவிங் ஆவரேஜ் என்ன செய்யும், எங்கே ஏமாற்றும் என்று உங்களுக்குத் தெரிந்தது எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். ட்ரெண்ட் இருக்கும்போது அமைதியாக இருக்கும், பக்கவாட்டில் போகும் சந்தையில் நாளுக்கு ஒரு நிறம் காட்டி அலைக்கழிக்கும், திருப்பத்தில் கொஞ்சம் தாமதமாக வரும்.

விலையை மறைக்கிறது என்கிறீர்கள், நிஜமான சார்ட்டில் காட்ட முடியுமா?

முடியும். 2024 ஜூன் முதல் வாரத்து நிஃப்டி தினசரி சார்ட்டை, ஒரு பக்கம் சாதாரண கேண்டில், இன்னொரு பக்கம் ஹெய்கின் ஆஷி என்று திறந்து வையுங்கள். தேர்தல் முடிவு வந்த வாரம், சந்தையில் இருந்த யாருக்கும் மறக்காது.

மே 31, வெள்ளிக்கிழமை. நிஃப்டி 22,531-ல் முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எக்ஸிட் போல் வந்தது. ஜூன் 3, திங்கள் காலை நேராக 23,338-ல் திறந்தது, எண்ணூறு புள்ளி கேப். அன்று முழுக்க 23,062-க்குக் கீழே இறங்கவே இல்லை, 23,264-ல் முடிந்தது. திறந்த இடத்தை விடக் கொஞ்சம் கீழே, அதனால் சாதாரண சார்ட்டில் மேலே தனியாக மிதக்கும் ஒரு சின்னச் சிவப்புக் கேண்டில்.

ஹெய்கின் ஆஷியில் பாருங்கள். சுமார் 22,620-ல் தொடங்கி 23,251 வரை நீளும் பெரிய பச்சைக் கேண்டில். நிஃப்டி அன்று 22,620-ல் ஒரு நொடிகூட இல்லை. கேப் என்ற ஒன்று நடந்ததே இந்தச் சார்ட்டில் தெரியாது, சீராக ஏறி வந்தது போல இருக்கும்.

ஜூன் 4, செவ்வாய். வாக்கு எண்ணிக்கை. 23,180-ல் திறந்தது, அதுதான் அன்றைய ஹையும். 21,281 வரை விழுந்து, 21,885-ல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளி, கிட்டத்தட்ட 6 சதவீதம். அன்றைய ஹெய்கின் ஆஷி க்ளோஸ் 22,381. சிவப்புதான், சரிதான், ஆனால் உண்மையான முடிவு விலைக்கும் சார்ட் காட்டும் முடிவு விலைக்கும் நடுவில் ஐந்நூறு புள்ளி வித்தியாசம்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஜூன் 5. நிஃப்டி 22,128-ல் திறந்து, இடையில் 21,792 வரை போய், 22,620-ல் முடிந்தது. முந்தின நாளை விட 735 புள்ளி ஏற்றம். விழுந்ததில் பாதிக்கு மேல் ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டது. சாதாரண சார்ட்டில் கொழுத்த பச்சை. ஹெய்கின் ஆஷியில் 22,660-ஐ ஒட்டித் தொடங்கி 22,303-ல் முடியும் சிவப்பு. மேல் வாலும் பெயருக்குத்தான் இருக்கிறது. பாடப்புத்தகப்படி "இறக்கம் வலுவாக இருக்கிறது" என்று சொல்லும் கேண்டில் அது, சந்தை 735 புள்ளி ஏறிய நாளில்.

ஜூன் 6-ல்தான் பச்சை வந்தது. அன்று நிஃப்டி முடிந்தது 22,821-ல்.

பேக்டெஸ்டில் லாபம் அள்ளுகிறது, நேரடியாகப் போட்டால் நஷ்டம். நான் என்ன தப்பு செய்கிறேன்?

உங்கள் விதியில் தப்பு இல்லாமல்கூட இருக்கலாம். பேக்டெஸ்ட் என்பது விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது, அது எந்த விலையில் வாங்கி விற்றதாகக் கணக்கு எழுதுகிறது என்று முதலில் பாருங்கள். சார்ட் வகையை ஹெய்கின் ஆஷி என்று வைத்துக்கொண்டு அதன்மேல் ஸ்ட்ராட்டஜியை ஓட்டினால், ஆர்டர்கள் ஹெய்கின் ஆஷி விலையிலேயே நிறைவேறியதாக எழுதப்படும். அந்த விலையில் உங்களுக்கு யாரும் விற்கவும் மாட்டார்கள், உங்களிடமிருந்து வாங்கவும் மாட்டார்கள்.

மேலே சொன்ன அதே வாரத்தை எடுத்துக்கொள்வோம். விதி எளிமையானது, பச்சை என்றால் வைத்திரு, சிவப்பு வந்தால் அடுத்த கேண்டில் ஓப்பனில் வெளியே வா, மறுபடி பச்சை வந்தால் அடுத்த ஓப்பனில் வாங்கு. ஜூன் 4 சிவப்பு, அதனால் 5-ம் தேதி ஓப்பனில் விற்க வேண்டும். 6-ம் தேதி பச்சை, 7-ம் தேதி ஓப்பனில் திரும்ப வாங்க வேண்டும்.

ஹெய்கின் ஆஷி விலையில் ஓடிய பேக்டெஸ்ட் சொல்வது: 22,660-ல் விற்றாய், 22,640-ல் திரும்ப வாங்கினாய், அவ்வளவு பெரிய சரிவிலிருந்து இருபது புள்ளி லாபத்தோடு தப்பித்தாய்.

சந்தையில் நடந்தது: 22,128-ல் விற்றாய், 22,822-ல் திரும்ப வாங்கினாய். 694 புள்ளி போச்சு.

விதி ஒன்று, நாட்கள் ஒன்று, சிக்னலும் ஒன்று. விலை மட்டும்தான் வேறு. (இது இண்டெக்ஸ் கணக்கு, ஃப்யூச்சரில் சில புள்ளிகள் மாறும், கதை மாறாது.) இப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் உங்களுக்குச் சாதகமான பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் ஹெய்கின் ஆஷி ஓப்பன் எப்போதும் பின்தங்கியே இருக்கும். சந்தை விழுந்த பிறகு விற்கும்போது விலை இன்னும் மேலேயே இருப்பதாகக் காட்டும், ஏறிய பிறகு வாங்கும்போது இன்னும் கீழேயே இருப்பதாகக் காட்டும். அதனால்தான் பேக்டெஸ்டின் லாப வரைபடம் நேராக மேலே போகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரு ஸ்ட்ராட்டஜியை நானும் இப்படி நம்பி இரண்டு மாதம் ஓட்டினேன், ஒவ்வொரு ட்ரேடையும் காண்ட்ராக்ட் நோட்டோடு வைத்து ஒப்பிட்டபோதுதான் பேக்டெஸ்டில் இருந்த விலைகள் அன்றைய ஹை லோவுக்கு உள்ளேயே சில சமயம் இல்லை என்று தெரிந்தது. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

நீங்களும் அப்படியே சோதிக்கலாம். ட்ரேட் பட்டியலில் ஐந்தை எடுத்து, அந்தந்த நாளின் உண்மையான ஓப்பன் விலையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஐந்து போதும்.

அப்படியானால் சரியாக பேக்டெஸ்ட் செய்வது எப்படி?

சார்ட்டைச் சாதாரண கேண்டிலில் வையுங்கள். ஹெய்கின் ஆஷியை ஸ்கிரிப்டுக்குள் கணக்கிடுங்கள். சிக்னல் அதிலிருந்து வரும், ஆர்டர் உண்மை விலையில் நிறைவேறும். ட்ரேடிங்வியூ பைன் ஸ்கிரிப்டில் இப்படி:

```
//@version=6
strategy("HA trend", overlay = true)
float hc = ohlc4
float ho = na
ho := na(ho[1]) ? (open + close) / 2 : (ho[1] + hc[1]) / 2
if hc > ho
    strategy.entry("L", strategy.long)
else
    strategy.close("L")
```

இதை மறந்துபோய் ஹெய்கின் ஆஷி சார்ட் மேல் ஓட்டிவிடாதீர்கள், சராசரிக்கு மேல் சராசரி ஆகிவிடும். ஹெய்கின் ஆஷி சார்ட்டிலேயேதான் ஓட்டியாக வேண்டும் என்றால், ஸ்கிரிப்டில் ஹெய்கின் ஆஷியைத் தனியாகக் கணக்கிடாமல் சார்ட்டின் `close > open` என்பதையே விதியாக எழுதி, `strategy()` வரியில் `fill_orders_on_standard_ohlc = true` சேர்த்தால் ஆர்டர்கள் உண்மை விலைக்குப் போகும். இரண்டு வழியிலும் ஒரு தடவை ஓட்டி, பழைய முடிவோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் இல்லாத பணம்.

ஸ்டாப் லாஸை ஹெய்கின் ஆஷி கேண்டிலின் லோவில் வைக்கலாமா?

ஏறும் ட்ரெண்டில் வேண்டாம். கீழ்வால் இல்லாத பச்சைக் கேண்டிலின் லோ என்பது அதன் ஓப்பன்தான், அந்த விலை அன்று வந்திருக்கவே வேண்டியதில்லை. ஜூன் 6-ஐயே பாருங்கள், உண்மையான லோ 22,643, ஹெய்கின் ஆஷி லோ 22,481. லோவுக்குக் கீழே ஸ்டாப் வைத்ததாக நினைத்துக்கொண்டு கூடவே 160 புள்ளி ரிஸ்க் எடுத்திருப்பீர்கள், அதைக் கணக்கில் சேர்க்காமல் குவான்டிட்டியும் போட்டிருப்பீர்கள்.

கவனிக்க வேண்டிய ஒன்று, ஃபார்முலாப்படி ஹெய்கின் ஆஷியின் ஹை உண்மை ஹையை விடக் குறையாது, லோ உண்மை லோவை விட உயராது. பொய் சொன்னால் வெளிப்பக்கமாகத்தான் சொல்லும். ஏறும் ட்ரெண்டில் ஹை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், லோதான் சந்தேகத்துக்குரியது. இறங்கும் ட்ரெண்டில் அப்படியே தலைகீழ். ஸ்டாப், டார்கெட், சப்போர்ட், லிமிட் ஆர்டர் என்று விலை எண் தேவைப்படும் எதற்கும் சாதாரண கேண்டிலுக்குப் போய்விடுங்கள். சில தளங்களில் வலப்பக்க அளவுகோலில் உண்மை விலையைக் காட்டச் சொல்ல ஓர் அமைப்பு இருக்கும், அதை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள்.

இதில் எங்கல்ஃபிங், கேப் எல்லாம் பார்க்கலாமா?

அவை இதில் வரவே முடியாது. எங்கல்ஃபிங் என்றால் இன்றைய உடம்பு நேற்றைய உடம்பை முழுதாக விழுங்க வேண்டும், இங்கே இன்றைய உடம்பு நேற்றைய உடம்பின் நடுவிலிருந்து தொடங்குகிறதே, எப்படி விழுங்கும்? கேப்பும் அதே காரணத்தால் கிடையாது. சின்ன உடம்பும் இரண்டு பக்கமும் வாலும் வந்தால் ட்ரெண்ட் தளர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

கேண்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பச்சை ஆகிவிட்டது, உடனே உள்ளே போகலாமா?

முடியட்டும். ஓப்பன் மாறாது, ஆனால் க்ளோஸ், ஹை, லோ மூன்றும் நகர்ந்துகொண்டே இருப்பதால் சராசரியும் நகரும், ஒரே கேண்டிலுக்குள் நான்கு முறை நிறம் மாறுவதைப் பார்க்கலாம். முடிந்த கேண்டிலின் நிறம் பிறகு மாறாது.

5 நிமிட சார்ட்டில் காலையில் மட்டும் குழப்பமாக வருகிறதே?

கேப் இருந்த நாட்களில் அப்படித்தான் வரும். நேற்று மூன்றரை மணிக் கேண்டிலின் உடம்பு 500 முதல் 504 என்று வையுங்கள். இன்று 9:15-க்கு பங்கு 520-ல் திறந்து 521, 516 பார்த்து 517-ல் முடிகிறது. உண்மையில் இறக்கம். ஹெய்கின் ஆஷி ஓப்பன் 502, க்ளோஸ் 518.50, கீழ்வால் இல்லாத பெரிய பச்சை. அடுத்த கேண்டில் 517, 518, 512, 513. ஹெய்கின் ஆஷி 510.25-லிருந்து 515, இன்னும் பச்சைதான். மூன்றாவது 513, 514, 509, 510. இப்போதுதான் 512.63-லிருந்து 511.50, சிவப்பு. மணி 9:30. திறந்ததிலிருந்து பத்து ரூபாய் விழுந்தாகிவிட்டது, சார்ட் இப்போதுதான் சொல்கிறது.

ஒவ்வொரு கேண்டிலுக்கும் பழைய பாதிப்பு பாதியாகக் குறையும் என்பதால், ஐந்தாறு கேண்டிலில் நேற்றைய கதை கிட்டத்தட்ட கரைந்துவிடும். அதனால் கேப் நாளில் முதல் அரைமணி நேரம் இதன் நிறத்தை நான் பார்ப்பதே இல்லை. இரண்டு தளங்களில் ஒரே பங்குக்குக் கேண்டில் கொஞ்சம் வேறு மாதிரித் தெரிவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான், ஒவ்வொன்றும் டேட்டாவை வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கியிருக்கும். பத்து கேண்டில் தாண்டினால் அந்த வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

இவ்வளவு குறை இருக்கிறதே, அப்புறம் ஏன் நீங்களே இதைப் பயன்படுத்துகிறீர்கள்?

கையில் இருக்கும் பொசிஷனை வைத்திருப்பதற்கு. உள்ளே போவதற்கு இல்லை, விலை பார்ப்பதற்கும் இல்லை. லாபத்தில் இருக்கும்போது ஒரு சிவப்புக் கேண்டில் வந்ததும் கை தானாக எக்ஸிட் பட்டனுக்குப் போகும், முதல் கணக்கில் பார்த்த அந்த இரண்டு ரூபாய் இறக்கம் மாதிரி. அந்த நேரத்தில் "இன்னும் திரும்பவில்லை" என்று சொல்ல ஒன்று வேண்டியிருக்கிறது, அதை இது நன்றாகச் செய்கிறது.

என் திரையில் இரண்டு சார்ட் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கம் சாதாரண கேண்டில், அதில்தான் என்ட்ரி, அதில்தான் ஸ்டாப், உண்மை லோவுக்குக் கீழே. வலப்பக்கம் ஹெய்கின் ஆஷி தினசரி. அது பச்சையாக இருக்கும்வரை லாபத்தில் இருக்கும் பொசிஷனைத் தொடமாட்டேன். சிவப்பாக முடிந்தால் இடப்பக்கம் போய், சமீபத்திய ஸ்விங் லோ உடைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு. ஆனால் இடப்பக்கத்து ஸ்டாப் அடிபட்டால், வலப்பக்கம் எவ்வளவு அழகான பச்சை இருந்தாலும் வெளியே வந்துவிடுவேன். ஜூன் 4 அன்று அப்படித்தான் வந்தேன், வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோதே, ஹெய்கின் ஆஷி அன்றைய க்ளோஸை எழுதி முடிப்பதற்குள்.